ஒரு இஞ்ச் மழையும் ஒற்றைக் குடையும்

நாகலூர், ஏற்காடு
திங்கட்கிழமை

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? சொட்டு மருந்தை மட்டும் பாதியில் நிறுத்திவிடாதே. சேலத்தில் விடுதியில் இருந்தபோதே மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தவள் நீ. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இங்கே இன்று விடிந்ததும் ஜன்னலைத் திறந்தால் தோட்டம் முழுக்க வெள்ளை. காப்பி பூத்திருக்கிறது. மல்லிகைதானோ என்று ஒரு நிமிஷம் ஏமாற்றும் வாசனை. இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் பழுப்பாகி உதிர்ந்துவிடும். இந்தப் பூவுக்கு முன்னால் வீட்டில் ஒரு சண்டை நடந்தது. அதைச் சொல்லத்தான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன்.

காப்பி மொட்டு பங்குனி முழுக்க வாயை மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். ஒரு இஞ்ச்சாவது நன்றாக நனைந்தால் எட்டு பத்து நாளில் பூத்துவிடும். வெறும் தூறலாகப் போட்டு நின்றுவிட்டால் வராததைவிட மோசம். பாதி விழித்த மொட்டு அப்படியே கருகும். அதனால் மழை ஏமாற்றும் வருஷத்தில், தண்ணீர் வசதி இருப்பவர்கள் ஸ்பிரிங்க்ளர் வைத்துத் தாங்களே மழை பெய்ய வைத்துக்கொள்வார்கள். எங்களுடையது மூன்றே ஏக்கர். பக்கத்துத் தோட்டத்துக் குட்டையிலிருந்து தண்ணீர் எடுக்கச் சம்மதம் வாங்கி, டீசல் பம்பும் குழாயும் வாடகைக்குப் பேசியிருந்தான் சரவணன். பம்பு கிடைத்த ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை.

அதே ஞாயிறு அம்மாபேட்டையில் தேன்மொழியின் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

சரவணனுக்கும் தேன்மொழிக்கும் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது கல்யாணி. நான் கூடத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நிமிரவே இல்லை. "மாப்பிள்ளை எங்கேன்னு எங்க வீட்ல கேப்பாங்க. செடிக்குத் தண்ணி ஊத்தறாருன்னு சொல்லட்டுங்களா?" என்றாள். இவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சொல்லு. அந்தச் செடிதான் சோறு போடுது" என்றான். "அப்போ செடி கழுத்துலயே தாலியைக் கட்டியிருக்கலாமே" என்று உள்ளே போனவள், ஒரு மணி நேரத்தில் பையோடு வெளியே வந்தாள். "அத்தை, நான் இன்னைக்கே போறேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததால் நான் எதுவும் சொல்லவில்லை. மாமியார் என்றால் எதையாவது சொல்லியே ஆக வேண்டுமா என்ன?

அவள் போய்க் கால் மணி நேரம் இருக்கும். சேர்வராயன் கோயில் மலைப் பக்கம் ஒரே இருட்டு. காற்று நின்றது. சில்வர் ஓக் இலைகள் வெள்ளைப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு திடீரென்று சலசலத்தன. அந்த நிறுத்தத்தில் ஒதுங்கக் கூரை கிடையாது. "டேய், குடையை எடுத்துக்கிட்டுப் போடா" என்றேன். அவன் அதற்குள் குடையோடு வாசலில் நின்றான்.

வீட்டில் இருந்தது ஒரே குடை, அவன் அப்பா வைத்திருந்த பிரம்புப் பிடிக் குடை. மடக்குக் குடையைப் போன மாதம்தான் இவன் பஸ்ஸில் விட்டுவிட்டு வந்திருந்தான். இருந்த ஒன்றிலும் ஒரு கம்பியின் நுனியில் தையல் விட்டு, துணி காது மாதிரித் தொங்கும். குடையில் விழும் தண்ணீர் பாதி அந்த வழியாகத்தான் இறங்கும்.

மழை வந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டாய். எதிரே இருக்கும் பலாமரம் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் சரிவில் கறுப்பாக ஒன்று வருவது தெரிந்தது. குடை முழுசும் அவள் தலைக்கு மேல். இவன் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு முழம் தள்ளி வெளியே நடக்கிறான், குடைக்காரச் சேவகன் மாதிரி. கிழிந்த காது சரியாக இவன் தோளுக்கு மேல். அவள் பையை மாரோடு அணைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பட்டுப்புடவை.

பலாமரத்தடியில் நின்றார்கள். என்ன பேச்சு என்று எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் அவளே சொன்னாள். இவன் எதையோ சொல்லி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்திருக்கிறான். அவள் அதைக் காதில் வாங்காமல், "கிழிஞ்ச பக்கத்தைப் பின்னால திருப்பிப் பிடிச்சா ரெண்டு பேருமே நனையாம போலாமில்லைங்க? நனைஞ்சு காட்டணும்னு வேண்டுதலா?" என்று பிடியைப் பற்றிக் கால் சுற்றுத் திருப்பினாளாம். எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் காது முதுகுப் பக்கம் போனதும் குடைக்குக் கீழே இருந்த ஒரு முழ இடைவெளி காணாமல் போனதுதான். இரண்டு கையும் ஒரே பிடியில்.

வீட்டுக்கு வருவார்கள் என்று துண்டை எடுத்து வைத்தால், வாசலைத் தாண்டி நேராக மழைமானியிடம் போகிறார்கள்! முற்றத்து ஓரத்தில் சின்னக் கம்பத்தில் புனலும் குடுவையுமாக இருக்குமே, போன முறை நீ வந்தபோது எண்ணெய் ஊற்றுகிற புனலா என்று கேட்டாயே, அதுதான். தினமும் காலையில்தான் அளப்பான். அன்றைக்கு அவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு இஞ்ச் தாண்டிவிட்டால் பம்பு வேண்டாம், நிச்சயதார்த்தத்துக்குப் போகலாம். இரண்டு பேரும் குனிந்து அளவுக் கோட்டையே பார்க்கிறார்கள். எண்பது சென்ட்டில் நிற்கிறது. இங்கே நூறு சென்ட்தான் ஒரு இஞ்ச். மழை கொட்டோ கொட்டு என்று கொட்டுகிறது, கோடு மட்டும் ஏறவே இல்லை. இவன் முகம் சுருங்கிப்போனது.

எனக்குத் திண்ணையிலிருந்து காரணம் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுப்பதற்குள் அவளுக்கும் புரிந்துவிட்டது. "ஐயோ, குடையை நகர்த்துங்க! புனலுக்கும் சேர்த்துப் புடிச்சிருக்கோம்!"

சரவணன் அண்ணாந்து பார்த்தான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு மழையையும் மீறி எனக்குக் கேட்டது. குடையை மடக்கிக் கம்பத்தில் சாய்த்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று முழுக்க நனைந்தார்கள். பட்டுப்புடவைப் பையை ஓடி வந்து என்னிடம் கொடுத்துவிட்டு மறுபடியும் போய் நின்றாள்.

பம்புக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வரவில்லை, போகட்டும். மறுநாள் விடிகாலை பஸ்ஸில் இரண்டு பேரும் சேலம் இறங்கினார்கள். இன்று காலை அவன் மழைக் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அந்தத் தேதியில் அவன் கையெழுத்தில் "1 இஞ்ச் 18 சென்ட்" என்று இருக்கிறது. அதற்குக் கீழே அவள் எழுத்தில், "குடை தடுத்தது தனி."

கண்ணுக்கு வெயில் ஆகாது என்றால் மே கடைசியில் இங்கே வந்துவிடு. வரும்போது செவ்வாய்பேட்டையில் இறங்கி, ஒரு நல்ல கறுப்புக் குடை வாங்கிக்கொண்டு வா. பழையதைத் தைக்கக் கொடுக்கலாம் என்றால் இரண்டு பேரும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அன்புடன்,
ராஜி