நாணய உவமையும் அடர்த்தித் தாயமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளியான குவாண்டம் கணினி பற்றிய கட்டுரையில், குவாண்டம் மேற்பொருந்துகையை விளக்குவதற்காக, சுண்டிவிட்டுக் கையால் மூடிய நாணயம் உவமையாகக் காட்டப்பட்டிருந்தது. கையைத் திறக்கும்வரை நாணயம் தலையாகவும் பூவாகவும் இருக்கிறது, குவாண்டம் துணிக்கையும் அவ்வாறே இரு நிலைகளிலும் பாதிப் பாதியாக இருக்கிறது என்பது கட்டுரையாளரின் வாதம். அதைப் படித்த உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் என்னிடம், "அப்பிடியெண்டால் எங்களுக்குத் தெரியாது எண்டதுதானே சேர், அதில என்ன புதினம் இருக்கு?" என்று கேட்டார். அவருடைய கேள்வி முற்றிலும் நியாயமானது. மூடிய கைக்குள் நாணயம் ஏற்கெனவே ஒரு பக்கமாகத்தான் விழுந்து கிடக்கிறது. அறியாதவர்கள் நாம் மட்டுமே. அத்தகைய அறியாமையைப் பௌதிகவியலில் கலவை நிலை என்பர். மேற்பொருந்துகை அதனின்று வேறானது. அவ்வேறுபாட்டைப் பரிசோதனையால் காட்டவும் முடியும், நான்கு எண்களைக் கொண்ட ஒரு சிறிய தாயத்தில் எழுதவும் முடியும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உயர்தரப் பாடத்திட்டத்தில் வரும் ஒளியின் முனைவாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். "அ", "ஆ" என இரண்டு ஒளிமுதல்கள் உள்ளன என்றும், ஒவ்வொன்றும் போட்டன்களை ஒவ்வொன்றாக வெளிவிடுகிறது என்றும் கொள்க. "அ"விலிருந்து வரும் ஒவ்வொரு போட்டனும் கிடையுடன் 45 பாகை சாய்வான திசையில் முனைவாக்கப்பட்டது. அந்நிலை கிடை, நிலைக்குத்து ஆகிய இரு நிலைகளின் சமமான மேற்பொருந்துகையாகும். "ஆ"விலோ ஒவ்வொரு முறையும் எழுமாற்றாக, கிடையாக முனைவாக்கப்பட்ட போட்டன் ஒன்று அல்லது நிலைக்குத்தாக முனைவாக்கப்பட்ட போட்டன் ஒன்று அனுப்பப்படுகிறது. எது அனுப்பப்பட்டது என்ற குறிப்பு எதுவும் வைக்கப்படுவதில்லை. கட்டுரையின் நாணயத்துக்கு உண்மையில் ஒப்பாவது இந்த "ஆ"வேயாகும்.

இப்போது கிடைத்திசையை மட்டும் கடத்தும் முனைவாக்கித் தகடு ஒன்றைப் பாதையில் வைத்து, இரண்டு ஒளிமுதல்களிலிருந்தும் ஆயிரம் ஆயிரம் போட்டன்களை அனுப்புவோம். தகடும் உணரியும் குறைபாடற்றவை எனக் கொண்டால், இரண்டிலும் ஏறத்தாழ 500 போட்டன்கள் கடந்துசெல்லும். தகட்டை நிலைக்குத்தாகத் திருப்பினாலும் அதே விளைவுதான். இத்துடன் நிறுத்திக்கொள்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கட்டுரையாளரும் இவ்விடத்திலேயே நின்றுவிட்டார் என்று கருதுகிறேன்.

தகட்டை 45 பாகைக்குத் திருப்பினால் நிலைமை மாறுகிறது. "அ"விலிருந்து வரும் ஆயிரமும் கடந்துவிடுகின்றன. "ஆ"விலிருந்து 500 மட்டுமே கடக்கின்றன, ஏனெனில் கிடையாக வந்த போட்டனும் நிலைக்குத்தாக வந்த போட்டனும் அத்தகட்டைக் கடக்கும் நிகழ்தகவு தலா அரை ஆகும். "அ"வின் ஒவ்வொரு போட்டனும் நமக்குத் தெரியாதவாறு கிடையாகவோ நிலைக்குத்தாகவோ இருந்திருக்குமானால், அங்கும் பாதி தடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒன்றேனும் தடுக்கப்படவில்லை. ஆகவே "அ"வின் நிலையை அறியாமை என்று விளக்குவதற்கு இடமில்லை.

இவ்விரண்டு ஒளிமுதல்களையும் ஒரே கணித மொழியில் எழுத உதவுவதுதான் அடர்த்தித் தாயம். 1927ஆம் ஆண்டில் யோன் வொன் நொய்மனும் லெவ் லண்டாவும் தனித்தனியே இக்கருத்தை முன்வைத்தனர். அதை அமைக்கும் முறை எளிது. எல்லாப் போட்டன்களும் "அ"வில் போல ஒரே நிலையில் இருப்பதைத் தூய நிலை என்பர். தூய நிலையொன்றில் கிடைக்கூறின் வீச்சத்தையும் நிலைக்குத்துக் கூறின் வீச்சத்தையும் எடுத்து, அவற்றைத் தம்முள்ளும் ஒன்றோடொன்றும் பெருக்கி, வரும் நான்கு பெருக்கங்களையும் தாயமாக அடுக்க வேண்டும். (வீச்சங்கள் சிக்கலெண்களாக இருந்தால், பெருக்கும் இரண்டில் ஒன்றின் உடன்புணரியை எடுக்க வேண்டும்.) "அ"வில் இரு வீச்சங்களும் 1/√2 ஆதலால் நான்கு பெருக்கங்களும் 1/2 ஆகின்றன. கலவையாயின், அதில் அடங்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே தாயம் எழுதி, அவற்றின் நிறையிட்ட சராசரியை எடுக்க வேண்டும். கிடைப் போட்டனின் தாயத்தில் மேல் இடது மூலையில் மட்டும் 1 உண்டு. நிலைக்குத்துப் போட்டனின் தாயத்தில் கீழ் வலது மூலையில் மட்டும் 1 உண்டு. இரண்டின் சராசரியே "ஆ"வின் தாயம்.

```
அ:  | 1/2  1/2 |      ஆ:  | 1/2   0  |
    | 1/2  1/2 |          |  0   1/2 |
```

மூலைவிட்டத்தில் உள்ள இரண்டு எண்களும் கிடையாகவோ நிலைக்குத்தாகவோ காணப்படுவதற்கான நிகழ்தகவுகள். அவை இரண்டு தாயங்களிலும் ஒன்றே என்பதால்தான் முதற் பரிசோதனை எதையும் வேறுபடுத்தவில்லை. வேறுபாடு முழுவதும் மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள எண்களில் இருக்கிறது. இரு கூறுகளுக்கும் இடையே நிலையான அவத்தைத் தொடர்பு உண்டா என்பதை அவை சொல்கின்றன. மூலைவிட்ட எண்களை a, d எனவும், வெளியே உள்ள எண்ணை c எனவும் குறித்தால், c மெய்யெண்ணாக உள்ளபோது, கிடையுடன் θ கோணத்தில் வைத்த தகட்டைக் கடக்கும் நிகழ்தகவு பின்வருமாறு அமையும்.

```
p = a·cos²θ + d·sin²θ + c·sin 2θ
```

θ = 45° எனப் பிரதியிட்டால் "அ"வுக்கு 1/4 + 1/4 + 1/2, அதாவது 1 கிடைக்கிறது. "ஆ"வில் c பூச்சியமாதலால் எந்தக் கோணத்திலும் 1/2 தான். தகட்டை எப்படிச் சுழற்றினாலும் எண்ணிக்கை அசையாது.

இவ்விடத்தில் ஒரு தவறான முடிவுக்கு வருவது எளிது. மூலைவிட்டத்துக்கு வெளியே பூச்சியமல்லாத எண் இருந்தால் தூய நிலை, பூச்சியமானால் கலவை என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது சரியன்று. கிடையாக முனைவாக்கப்பட்ட போட்டன் தூய நிலையே, ஆயினும் அதன் தாயத்தில் வெளி எண்கள் பூச்சியம். மறுபுறம், நான்கில் மூன்று பங்கு +45 பாகைப் போட்டன்களும் ஒரு பங்கு −45 பாகைப் போட்டன்களும் கலந்த ஒளியை எடுத்தால், வெளி எண் 3/8 − 1/8 = 1/4 ஆக வருகிறது; பூச்சியமில்லாவிட்டாலும் அது கலவைதான். நம்பத்தக்க சோதனை வேறொன்று. தாயத்தைத் தன்னாலேயே பெருக்கி, விடையின் மூலைவிட்ட எண்களைக் கூட்ட வேண்டும். அடர்த்தித் தாயத்தைப் பொறுத்தவரை, இது நான்கு எண்களின் பருமன்களையும் வர்க்கித்துக் கூட்டுவதற்குச் சமன். தூய நிலைக்கு இத்தொகை எப்போதும் 1. "அ"வில் 1/4 நான்கு முறை கூட்டப்பட்டு 1 வருகிறது; "ஆ"வில் 1/2 வருகிறது; மூன்றுக்கு ஒன்று கலந்த ஒளியில் 1/4 + 1/4 + 1/16 + 1/16 = 5/8 வருகிறது. இரு நிலைகளை மட்டும் கொண்ட ஒரு தொகுதிக்கு 1/2 என்பதே மிகத் தாழ்ந்த பெறுமானம்.

ஆய்வுகூடத்தில் ஏமாற்றக்கூடிய இன்னொரு நிலையையும் குறிப்பிட வேண்டும். வட்டமாக முனைவாக்கப்பட்ட ஒளியில் இரு கூறுகளின் வீச்சங்களும் சமமானவை, ஆனால் அவற்றினிடையே 90 பாகை அவத்தை வித்தியாசம் உண்டு. அதனால் வெளி எண்கள் −i/2, i/2 என முழுக் கற்பனை எண்களாகின்றன. முனைவாக்கித் தகட்டை மட்டும் சுழற்றிப் பார்ப்பவருக்கு எல்லாக் கோணங்களிலும் 500 தான் கிடைக்கும். அவர் இதைக் கலவை என்றே முடிவுசெய்வார், ஆனால் இது தூய நிலை; வர்க்கங்களின் தொகை 1. இதைக் கண்டுபிடிக்க, தகட்டுக்கு முன்னால் கால் அலைத் தகடு ஒன்றை அதன் அச்சு கிடையாக இருக்குமாறு வைக்க வேண்டும். அது அவத்தை வித்தியாசத்தை மேலும் 90 பாகையால் மாற்றி, வட்ட முனைவாக்கத்தை 45 பாகை நேர்கோட்டு முனைவாக்கமாக்கிவிடும். அதன்பின் முனைவாக்கித் தகட்டைச் சுழற்றினால், ஒரு கோணத்தில் ஆயிரமும் கடக்கும், அதற்குச் செங்குத்தான கோணத்தில் ஒன்றும் கடக்காது. "ஆ"வின் ஒளியோ கால் அலைத் தகட்டாலும் மாறுவதில்லை. ஆகையால், அறியப்படாத ஒளியொன்றின் தாயத்தை முழுமையாகப் பெறுவதற்குக் கிடை–நிலைக்குத்து, ±45 பாகை, இடவட்டம்–வலவட்டம் என மூன்று வகை அளவீடுகள் தேவை. ஒரு போட்டனை ஒருமுறைதான் அளக்க முடியும் என்பதால், ஒரேவிதமாக ஆக்கப்பட்ட பல போட்டன்களை மூன்று கூட்டங்களாகப் பிரித்தே இதைச் செய்கிறார்கள்.

தாயத்தால் சொல்ல முடியாத ஒன்றும் உண்டு. +45, −45 பாகைப் போட்டன்களைச் சரிபாதியாகக் கலந்தால் வெளி எண்கள் ஒன்றையொன்று அழித்து, "ஆ"வின் தாயமே மீண்டும் கிடைக்கும். ஆக்கிய விதம் வேறாயினும், ஆக்கியவரின் குறிப்பேடு நம் கையில் இல்லாதவரை, அவ்விரு கலவைகளையும் எந்தப் பரிசோதனையாலும் பிரித்தறிய இயலாது. இதைக் கணிதத்தின் குறைபாடாக நான் கருதவில்லை. அளவீட்டால் அறியக்கூடியவை முழுவதும் அந்த நான்கு எண்களில் அடங்கிவிட்டன என்பதே இதன் பொருள்.

குவாண்டம் கணினிகளை ஆக்குவது ஏன் கடினம் என்ற கேள்விக்கு, அவற்றை மிகக் குளிராக வைத்திருக்க வேண்டும் என்பதோடு கட்டுரை நின்றுவிட்டது. தாயத்தைக் கொண்டு பார்த்தால் காரணம் தெளிவாகிறது. "அ" போன்ற நிலையில் தொடங்கும் ஒரு குவாண்டம் அலகு சூழலோடு ஊடாடும்போது, மூலைவிட்ட எண்கள் மாறாதிருக்க, வெளி எண்கள் மட்டும் 1/2 இலிருந்து தேய்ந்துபோகலாம். அவை 0.3 ஆகக் குறைந்துவிட்ட நிலையைப் போட்டன் மொழியிலேயே சொன்னால், 45 பாகையில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 800 கடக்கும். வர்க்கங்களின் தொகை 0.68 ஆகும். கிடைத்திசையில் மட்டும் அளப்பவர் தொடக்கத்திலும் 500, இறுதியிலும் 500 என்றே காண்பார். இழப்பு நேர்ந்ததே அவருக்குத் தெரியாது. வெளி எண்கள் பூச்சியமாகும்போது அந்த அலகு உண்மையாகவே மூடிய கைக்குள் உள்ள நாணயமாகிவிடுகிறது. அதைக்கொண்டு குவாண்டம் கணிப்பு எதுவும் செய்ய இயலாது. மீகடத்திச் சுற்றுகளாலான கணினிகளைத் தனிப்பூச்சியத்துக்கு மேல் 0.01 முதல் 0.02 கெல்வின் வரையான வெப்பநிலையில் வைத்திருப்பதற்கு, வெப்பச் சலனத்தால் நேரும் இத்தேய்வைக் குறைப்பது ஒரு முக்கிய காரணமாகும்.

எனவே, அக்கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமாயின், நாணய உவமையைக் கலவை நிலைக்கு உரியதாகத் திருத்தி, 45 பாகைத் தகட்டுப் பரிசோதனையை அதனருகே சேர்த்துப் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.