விளம்பரத்தில் 12 ஜிபி, போனுக்குள் 4 ஜிபி: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு நிறுவனம் தன் புது போனை அறிவித்தது. அறிவிப்பு முழுக்க ஒரே வரிதான்: "பத்தாயிரத்துக்குள் 12 ஜிபி ரேம்!" அந்த 12-க்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில், போனைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிகிற அளவில், 4 ஜிபி ரேமும் 8 ஜிபி மெய்நிகர் ரேமும் சேர்ந்த கணக்கு என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இப்படி அறிவிப்பது இந்த ஒரு நிறுவனம் மட்டும் இல்லை. மலிவு விலை போன்களில் இதுவே வழக்கமாகிவிட்டது. தங்களுக்கும் இது தெரிந்த விஷயம்தான். அதனால் என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறிமுக அறிவிப்பின் தலைப்பு வரியில், போனுக்குள் சில்லாக இருக்கும் ரேமின் அளவு மட்டும்தான் வர வேண்டும். ஸ்டோரேஜில் இருந்து கடன் வாங்கும் மெய்நிகர் ரேமை அதோடு கூட்டிச் சொல்வதைத் தடை செய்யுங்கள்.

இதனால் என்ன கஷ்டம் என்பதற்கு, என் கடைக்கு வந்த ஓர் ஆட்டோக்காரரின் கதை போதும். தவணையில் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத போன். "அண்ணே, சவாரி ஆப் தானா மூடிக்கிருது. மேப் போட்டுட்டு ஒரு போன் வந்தா போதும், திரும்பிப் பாத்தா ஆப் மொதல்ல இருந்து ஓடுது. அதுக்குள்ள சவாரி வேற ஆளுக்குப் போயிருது" என்றார். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னணி ஆப்களை மூடும் வசதி எல்லா போனிலும் உண்டு. முதலில் அதை அந்த ஆப்புக்கு மட்டும் நிறுத்தினேன். குறைந்ததே தவிர, நிற்கவில்லை. பிறகு பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, மெமரி பகுதியைக் காட்டினேன். மொத்த நினைவகம் 4 ஜிபிக்கும் சற்றுக் குறைவாக இருந்தது. "பன்னெண்டுன்னு தானண்ணே போட்டிருந்தான்?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

அந்த 4 ஜிபியில் ஏறக்குறைய பாதியை ஆண்ட்ராய்டும் அதன் சேவைகளுமே எடுத்துக்கொள்ளும். மீதியில் மேப், சவாரி ஆப், வாட்ஸ்அப் மூன்றும் நெருக்கியடித்து உட்கார வேண்டும். ஒரு அழைப்பு வந்து திரை மாறியதும் இடம் போதாமல் போகிறது. அப்போது ஆண்ட்ராய்டு, கண்ணுக்கு முன்னால் இல்லாத ஆப்களை ஒவ்வொன்றாகக் கொல்லத் தொடங்கும். கொல்லப்பட்டதா என்பதைக் கண்டுபிடிப்பது சுலபம். திரும்பித் திறக்கும்போது விட்ட இடத்திலேயே இருந்தால் ஆப் உயிரோடு இருந்திருக்கிறது. முதலில் இருந்து லோகோ காட்டி ஓடினால், அது கொல்லப்பட்டுவிட்டது.

மெய்நிகர் ரேம் இந்த நெருக்கடியைத் தீர்க்காதா என்று கேட்கலாம். அது புதிதாக வந்த ரேம் இல்லை. நாம் போட்டோவும் வீடியோவும் வைக்கும் அதே ஸ்டோரேஜில் இருந்து 8 ஜிபியைப் பிடித்து வைத்துக்கொண்டு, ரேமில் சும்மா கிடக்கும் தரவை அங்கே தள்ளி வைக்கிறார்கள். அவ்வளவுதான். இந்த விலைப் போன்களில் பெரும்பாலும் இருப்பது இஎம்எம்சி என்ற மலிவு வகை ஸ்டோரேஜ். அதன் வேகம் எப்படிப் போனாலும் நொடிக்கு 400 எம்பியைத் தாண்டாது. சின்னச் சின்னத் துண்டுகளாக எடுக்கும்போது அதைவிட மிகவும் குறையும். உண்மையான ரேமோ நொடிக்கு 10 ஜிபிக்கு மேல் கொடுக்கும். அங்கே தள்ளி வைத்ததைத் திரும்ப எடுக்கும் நேரத்தில்தான் போன் திணறுகிறது. மக்கள் அதை 'ஹேங்' என்கிறார்கள். நெடுநேரம் தொடாத ஆப்பை நினைவில் வைத்திருக்க அது கொஞ்சம் உதவும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று ஆப் ஓட்ட வேண்டியவருக்கு அது ரேம் ஆகாது. போதாததற்கு, 64 ஜிபி என்று சொல்லி விற்ற போனில் இந்த 8 ஜிபியும் கழிகிறது. ஒரே இடத்தை ரேம் கணக்கிலும் காட்டுகிறார்கள், ஸ்டோரேஜ் கணக்கிலும் காட்டுகிறார்கள்.

உண்மை அவர்களுக்கே தெரியும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த ஆட்டோக்காரரின் போன் பெட்டி ஸ்டிக்கரில் 4 ஜிபி + 64 ஜிபி என்று சரியாகவே அச்சிட்டிருக்கிறார்கள். காசு கொடுத்த பிறகு கைக்கு வரும் பெட்டியில் உண்மை, காசு கொடுக்க வைக்கும் அறிவிப்பில் 12.

2016 பிப்ரவரியில் நொய்டாவில் இருந்து ஒரு நிறுவனம், 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்று பத்திரிகைகளில் விளம்பரம் செய்தது தங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாக்குறுதியை ஊரே சந்தேகப்பட்டது, கேள்வி கேட்டது. இங்கே போன் ஒழுங்காகக் கைக்கு வந்துவிடுகிறது. அதனால் ஏமாந்தவர் தான் ஏமாந்ததையே அறிவதில்லை. "நம்ம போன் ராசி அப்படி" என்று நினைத்துக்கொண்டு அடுத்த தவணையைக் கட்டுகிறார்.

ரேமோடு இது நிற்கவும் இல்லை. 50 மெகாபிக்சல் இரட்டை கேமரா என்கிறார்கள். பல மலிவு போன்களில் அந்த இரண்டாவது கண் 0.08 மெகாபிக்சல்தான், அதால் தனியாக ஒரு படம்கூட எடுக்க முடியாது. விலையைப் போடுகிறார்கள், அது குறிப்பிட்ட வங்கி அட்டை இருப்பவருக்கு மட்டும். அட்டையே இல்லாதவர்தானே பத்தாயிரத்துக்குள் போன் தேடுகிறார்! இவை ஒவ்வொன்றுக்கும் தனி மடல் எழுதலாம். இப்போதைக்கு என் கோரிக்கை ரேம் மட்டும்.

புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. தாங்கள் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளே போதும். விளக்கக் குறிப்பு, முதன்மை வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் வாசகத்தைச் சரிக்கட்ட அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. தமிழில் பெரிய எழுத்தில் 12, ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் 4 என்பது இந்த விதியில் எப்படி அடங்கும்? முதல் முறை 10 லட்சம், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்கும் அதிகாரமும் தங்களிடம் இருக்கிறது. தங்கள் அமைச்சகத்தின் கீழ் வரும் எடையளவுச் சட்டம், அரிசிப் பையின் எடையை அரிசியோடு சேர்த்து நிகர எடை என்று அச்சிட விடுவதில்லை. அந்த நியாயம் ரேமுக்கும் பொருந்தட்டும்.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன். மெய்நிகர் ரேமைக் கூட்டிச் சொல்லும் தலைப்பு வரிகளைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று அறிவித்து, எல்லா போன் நிறுவனங்களுக்கும் ஓர் அறிவுரைச் சுற்றறிக்கை அனுப்புங்கள். உண்மையான ரேம் எவ்வளவு என்பது தலைப்பிலேயே, அதே அளவு எழுத்தில் வரட்டும். மெய்நிகர் வசதியைச் சொல்ல வேண்டுமானால் அடுத்த வரியில் தனியாக, அது ஸ்டோரேஜில் இருந்து எடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஏற்கெனவே வந்துவிட்ட அறிவிப்புகளைத் திருத்தி வெளியிட அவர்களுக்கு ஒரு தேதியையும் குறித்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செல்போன் பழுது பார்ப்பவர் ஒருவர்,
மதுரை