ஒரு ப்ளீஸ் போதும், செந்தில்

திருப்பூர்

அன்புள்ள செந்தில்,

இங்கே எல்லாரும் நலம். தங்கச்சியையும் அம்மாவையும் கேட்டதாகச் சொல். இவ்வளவு நாள் எழுதாமல் இருந்ததற்கு நீ திட்டுவதை நேரில் வரும்போது மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். இப்போது பாப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

அவளுடைய மெயிலில் 'ப்ளீஸ்' அதிகம் என்று மேனேஜர் சொன்னார், அவள் எல்லாவற்றையும் வெட்டி எறிந்தாள், இப்போது 'ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கிறது' என்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருந்தாய். உன் கடிதத்தைப் படித்த அன்றுதான் எங்கள் கம்பெனியிலும் இதே விஷயத்தால் ஒரு டையிங் ஸ்லாட் கைவிட்டுப் போயிருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

நடந்தது இதுதான். புதிதாக வந்த மெர்ச்சண்டைசர் பெண் ஒருத்தி, கெட்டிக்காரி. நேவி கலருக்கு லேப் டிப், அதாவது சாயம் ஏற்றிய சின்னத் துணி மாதிரி, ஏ, பி, சி என்று மூன்று ஷேடில் போட்டு, வெளிநாட்டு பையருக்கு கூரியரில் அனுப்பியிருந்தோம். அந்த அம்மா லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்து, மூன்றில் ஒன்றுக்கு அப்ரூவல் கொடுத்தால்தான் துணி மொத்தத்தையும் சாயத்துக்கு அனுப்ப முடியும். உனக்குத் தெரியும், சாயப்பட்டறையில் ஸ்லாட் வாங்குவது எவ்வளவு பாடு என்று. இந்தப் பெண் திங்கட்கிழமை எழுதிய மெயிலை அப்படியே தருகிறேன்:

"டியர் சார்/மேடம், குட் மார்னிங். ஹோப் யூ ஆர் டூயிங் வெல். வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ் சப்ஜெக்ட், வி வுட் லைக் டு கைண்ட்லி இன்ஃபார்ம் யூ தட் லேப் டிப்ஸ் ஆர் சென்ட். கைண்ட்லி ப்ளீஸ் செக் தி சேம் அண்ட் கைண்ட்லி டூ தி நீட்ஃபுல் அட் தி ஏர்லியஸ்ட். மெனி மெனி தேங்க்ஸ் இன் அட்வான்ஸ்."

வியாழக்கிழமை பதில் வந்தது: "தேங்க்யூ ஃபார் தி அப்டேட்." அவ்வளவுதான். அந்த அம்மா மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. 'தெரிவித்துக்கொள்கிறோம்' என்று தொடங்கிய மெயிலைத் தகவல் என்று எடுத்துக்கொண்டார். மூன்றில் ஒன்றைத் தேர்ந்து சொல்லுங்கள் என்று மெயிலில் எங்குமே இல்லை. எந்த நாளுக்குள் என்பதும் இல்லை. மூன்று 'கைண்ட்லி', ஒரு 'ப்ளீஸ்', இரண்டு 'மெனி' இருக்கின்றன, கேள்வி மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை ஸ்லாட் வேறொருவருக்குப் போய்விட்டது. அடுத்தது ஒன்பது நாள் கழித்து.

எனக்கு இதில் பெரிய வருத்தம் நஷ்டம் அல்ல. அந்தப் பெண் தான் மிகுந்த மரியாதையோடு எழுதியதாக நினைத்திருக்கிறாள், உண்மையில் நினைத்தபடிதான் நடந்தாள். அப்படித்தான் நமக்கும் கற்றுக் கொடுத்தார்கள். டைப்ரைட்டிங் வாத்தியார் விரலில் ஸ்கேலால் தட்டிச் சொல்லிக் கொடுத்த லீவ் லெட்டர் நினைவிருக்கிறதா? 'ஐ பெக் டு ஸ்டேட்' இல்லாமல் காய்ச்சல்கூட வரக்கூடாது நமக்கு. வெள்ளைக்காரன் காலத்து மனு எழுதும் வழக்கம் அது. 'தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன்' என்று கையெழுத்துப் போட்ட காலம் போய்விட்டது, அதன் வால் மட்டும் மெயிலில் தொங்குகிறது.

இன்னொரு காரணமும் உண்டு என்று எனக்குப் படுகிறது. தமிழில் 'அனுப்புங்க' என்று சொன்னாலே மரியாதை வந்துவிடுகிறது, வினையின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. 'கொஞ்சம் அனுப்புங்க' என்றால் இன்னும் இதமாகிவிடும். ஆங்கிலத்தில் 'செண்ட்' என்று எழுதினால் வெறும் அதிகாரமாக நிற்கிறது, கை கூசுகிறது. உடனே முன்னால் ஒரு ப்ளீஸ். அதுவும் போதாதென்று ஒரு கைண்ட்லி. நம் 'ங்க' செய்கிற வேலையை அங்கே செய்வது கேள்வி வடிவம்தான். 'குட் யூ செண்ட்' என்று கேட்டு முடிவில் ஒரு கேள்விக்குறி போட்டால் அந்த இதம் வந்துவிடும். பாப்பாவுக்கு இதை மட்டும் முதலில் சொல்.

பிரவுன், லெவின்சன் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மரியாதைப் பேச்சைப் பற்றி 1978-இல் எழுதினார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூன்று மொழிகளில் ஒன்று நம் கோயம்புத்தூர் மாவட்டத்துத் தமிழ். தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! அவர்கள் சொல்வதன் சாரம்: எவ்வளவு பணிவு தேவை என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன. எதிராளிக்கு நம்மேல் எவ்வளவு அதிகாரம், இருவருக்கும் எவ்வளவு தூரம், நாம் கேட்பது எவ்வளவு பெரிய பாரம். நாம் முதல் இரண்டையும் பிடித்துக்கொள்கிறோம், பெரிய இடம், வெளிநாட்டுக்காரர் என்று. மூன்றாவதை மறந்துவிடுகிறோம். லேப் டிப் பார்த்துச் சொல்வது அந்த அம்மாவின் அன்றாட வேலை, பாரமே இல்லை. அதற்கு ஒரு ப்ளீஸ் தாராளம். அதற்கே இத்தனையும் செலவழித்துவிட்டால், நிஜமாகவே பெரிய உதவி கேட்கும்போது எதைப் போடுவது?

சரி, அந்தத் திங்கட்கிழமை மெயிலை எப்படி எழுதியிருக்கலாம் என்று பிறகு திருத்திப் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் செய்தேன், பாப்பாவுக்கு அப்படியே உதவும்.

முதலில் சப்ஜெக்ட் லைனிலேயே ஸ்டைல் நம்பரும், 'நேவி லேப் டிப் அப்ரூவல், வியாழனுக்குள்' என்பதும் போய் உட்கார்ந்தன. 'சார்/மேடம்' போய், அந்த அம்மாவின் பெயர் வந்தது. ஒரு வருடமாக நம்மோடு வேலை செய்கிறவரை ஆணா பெண்ணா என்று தெரியாதவர்போல எழுதுவதில் மரியாதை எங்கே இருக்கிறது? முதல் வாக்கியமே கேள்வி: ஏ, பி, சி மூன்றில் ஒன்றை வியாழனுக்குள் சொல்ல முடியுமா? இரண்டாவது வாக்கியம் காரணம்: வெள்ளிக்கிழமை டையிங் ஸ்லாட் இருக்கிறது, விட்டால் ஒன்பது நாள் தள்ளும், ஷிப்மெண்ட் தேதியும் கூடவே தள்ளும். மூன்றாவது, அவர் வேலையைக் குறைக்கிற வரி: டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் எங்களுக்கு பி நெருக்கமாகத் தெரிகிறது. கடைசியில் ஒரே ஒரு தேங்க்யூ, பெயர். முடிந்தது.

எழுதி முடித்ததும் அந்தப் பெண் கேட்டாள், "அண்ணா, ப்ளீஸே இல்லையே, கோவிச்சுக்க மாட்டாங்களா?" நல்ல கேள்வி. திரும்பப் படிக்கச் சொன்னேன். பெயர் சொல்லி அழைத்திருக்கிறோம், முடியுமா என்று கேட்டிருக்கிறோம், ஏன் அவசரம் என்று சொல்லியிருக்கிறோம், தேர்வை எளிதாக்கியிருக்கிறோம். மரியாதை முழுக்க அங்கே இருக்கிறது. கேள்வி வடிவம் வேண்டாம், கட்டளை வடிவமே போதும் என்றால் அங்கே ஒரு ப்ளீஸ் கட்டாயம் வேண்டும். இரண்டில் ஒன்று போதும்.

பாப்பா தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். 'கைண்ட்லி ப்ளீஸ் செண்ட் தி ஃபைல்' என்பதிலிருந்து இரண்டு வார்த்தையையும் எடுத்துவிட்டாள், 'செண்ட் தி ஃபைல்' மட்டும் நின்றது. எடுத்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. காரணமும் இல்லை, தேதியும் இல்லை, கேள்வியும் இல்லை. பிறகு படிக்கிறவருக்கு வேலைக்காரனை விரட்டுகிற மாதிரித்தான் தெரியும். அனுப்பும் முன் அவள் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது, இதையே ஃபோனில் சொன்னால் எப்படிச் சொல்வேன் என்பது. வாயில் வராத வரி மெயிலிலும் வேண்டாம்.

'கைண்ட்லி' விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்கச் சொல். உன் தாலுகா ஆபீசுக்கோ இங்கே பேங்க்குக்கோ எழுதும்போது ஒரு கைண்ட்லி இருந்தால் யாருக்கும் உறுத்தாது, நம் ஊர் வழக்கம் அது. வெளிநாட்டில் பலர் காதுக்கு அது அறிவிப்புப் பலகையில் 'தயவுசெய்து புல்லை மிதிக்காதீர்' என்று அதட்டுகிற குரல். போதாததற்கு, பணம் பறிக்கிற மோசடி மெயில்களில் அடிக்கடி வருகிற வார்த்தையும் அதுதான். மரியாதை என்று போட்டது சந்தேகத்தைக் கிளப்பினால் எதற்கு?

நன்றிக்கும் இதே கதைதான். 'மெனி மெனி தேங்க்ஸ்' எதற்கு என்று யாருக்கும் தெரியாது. எங்கள் பையர் ஒருமுறை விடுமுறை நாளில் உட்கார்ந்து பேக்கிங் லிஸ்ட்டைச் சரிபார்த்துக் கொடுத்தார். அதற்கு 'விடுமுறையிலும் பேக்கிங் லிஸ்ட்டைப் பார்த்துத் தந்ததற்கு நன்றி, அதனால்தான் கண்டெய்னர் அன்றே கிளம்பியது' என்று ஒரு வரி எழுதினோம். ஒரு 'மெனி'கூட இல்லை. இனிமேல் செய்யப் போகிற வேலைக்கு முன்கூட்டியே நன்றி சொல்வதைத் தவிர்க்கலாம், செய்தே ஆக வேண்டும் என்று நெருக்குவதாகச் சிலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

பெரிய உதவி கேட்கும்போது என்ன செய்வது என்று நீ கேட்பாய். அந்த ஸ்லாட் போனதால் எங்களுக்கே அந்த நிலைமை வந்தது, ஷிப்மெண்ட் தேதி தள்ளக் கேட்க வேண்டியிருந்தது. இங்கே பாரம் உண்மையிலேயே அதிகம். அப்போதும் ப்ளீஸைக் கூட்டவில்லை. 'வுட் இட் பி பாசிபிள்' என்று ஒரே ஒரு முறை பணிந்து கேட்டோம். அவர்களுக்கு இதனால் கடையில் சரக்கு தாமதமாகும் என்று எங்களுக்குத் தெரியும் என்பதை ஒரு வரியில் சொன்னோம். பிறகு இரண்டு வழி கொடுத்தோம்: முழுதும் பத்து நாள் தள்ளிக் கப்பலில், அல்லது பாதியை எங்கள் செலவில் விமானத்தில், மீதி கப்பலில். இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். செலவு கடித்தது, ஆனால் ஆர்டர் நிலைத்தது.

நினைவூட்டல் மெயிலைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'கைண்ட் ஜென்டில் ரிமைண்டர்' என்று நாலு தடவை அனுப்புவதைவிட, பழைய கேள்வியை மேலே ஒட்டி, இன்றைக்கு நிலைமை என்ன ஆகிறது என்று ஒரு வரி சேர்க்கச் சொல். பதில் வராவிட்டால் நாங்களே பி-யை எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதலாமே என்று அந்தப் பெண் கேட்டாள். எங்கள் தொழிலில் அது ஆகாது, அப்ரூவல் இல்லாமல் சாயம் ஏற்றினால் துணி நம் தலையில்தான். பாப்பாவின் வேலையில் சின்ன விஷயங்களுக்கு அது ஒத்துவரலாம், அவள் மேனேஜரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அவளுடைய பழைய மெயில் ஒன்றும் புது மெயில் ஒன்றும், கஸ்டமர் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு எனக்கு அனுப்பச் சொல். ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் உட்கார்ந்து பார்த்துவிடலாம். நீ பக்கத்தில் நின்று 'ஐ பெக்' சேர்க்கச் சொல்லாமல் இரு.

அன்புடன்,
முருகேசன்