சூரையை வெறும் பலகையில் பரப்பாதீர்கள்

சென்னை மீன் மார்க்கெட்டுகளில் கடை போடும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும்,

வணக்கம். திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு மெஸ் நடத்துகிறேன். பன்னிரண்டு வருஷமாக உங்களைப் போன்றவர்களிடம்தான் மீன் வாங்குகிறேன். போன மே மாதம் என் மெஸ்ஸில் நடந்ததைச் சொல்லிவிட்டு, உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

அன்றைக்கு நாலு கிலோ சூரை வாங்கினேன். செவுள் சிவப்பு, கண் தெளிவு. முகர்ந்து பார்த்தேன், கெட்ட வாசம் துளியும் இல்லை. மதியம் வறுவல் போட்டோம். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் ஒரு தம்பிக்கு முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று ஆகிவிட்டன. "அக்கா, மிளகு ஜாஸ்தியா? நாக்கு எரியுது" என்றான். நான் மிளகே போடவில்லை. அப்புறம் தலைவலி, நெஞ்சு படபடப்பு. இன்னும் இரண்டு பேருக்கும் அதேதான். அதே மீனைத் தின்ற மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் முதலில் மீன் அலர்ஜி என்றார். மூன்று பேருக்கும் ஒரே நாளில் எப்படி என்று கேட்டதும் யோசித்து, மீனிலேயே உருவாகும் ஹிஸ்டமின் என்ற பொருள்தான் காரணம் என்றார். அலர்ஜி மாத்திரையிலேயே சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது.

அதன் பிறகு தேடிப் படித்தேன். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி, நெத்திலி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. செவுளிலும் குடலிலும் இருக்கும் சில பாக்டீரியாக்கள், மீன் செத்து சூடேறியதும் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. ஹிஸ்டமினுக்கு வாசனை கிடையாது. மீன் நாறுவதற்குக் காரணம் வேறு பொருள்கள். அவை சேர்வதற்கு முன்பே ஹிஸ்டமின் ஏறிவிடலாம். ஒரே மீனில்கூட ஒரு துண்டில் அதிகமாகவும் பக்கத்துத் துண்டில் குறைவாகவும் இருக்கும். என் மெஸ்ஸில் மூன்று பேர் மட்டும் மாட்டியது அதனால்தான் இருக்கும். எண்ணெயில் பொரித்தாலும், புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும், ஃப்ரீசரில் போட்டாலும் ஒருமுறை உருவான ஹிஸ்டமின் போகாது.

சரி, அன்றைக்கு எங்கே தப்பு நடந்தது? படகில் ஐஸில்தான் இருந்திருக்கும். கடையில் ஆறு மணிக்குப் பலகையில் பரப்பி, தண்ணீர் மட்டும் தெளித்தார்கள். நான் வாங்கும்போது ஏழரை. பையில் வைத்து வேறு கடைகளுக்கும் போனேன். ஒன்பது மணிக்கு அடுப்படி வந்த மீன், வெட்டி மசாலா தடவி, பன்னிரண்டு மணிவரை பாத்திரத்தில் வெளியிலேயே இருந்தது. ஐஸைப் பார்க்காமல் ஆறு மணி நேரம். அதில் கடைசி நாலரை மணி நேரம் என் தப்பு. காற்றோ நீரோ 28 டிகிரிக்கு மேல் இருந்தால் செத்த ஆறு மணி நேரத்துக்குள் மீன் ஐஸில் இறங்கிவிட வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டி. நம்மூர் மே மாதக் காலையே முப்பதைத் தொடுகிறது. ஒருதடவை ஐஸில் வைத்து எடுத்ததால் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை. சூடேறினால் பாக்டீரியா விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நான் கேட்பது இதுதான். இந்த நாலு வகை மீனை மட்டுமாவது முழுதாகப் பலகையில் கொட்டாதீர்கள். காட்டுவதற்கு இரண்டு போதும், மீதி ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும். தண்ணீர் தெளித்தால் மீன் பளபளக்கும், குளிராது. பத்து கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்க மட்டுமே மூன்று கிலோவுக்கு மேல் ஐஸ் கரையும். வெயிலையும் சேர்த்துப் பார்த்தால் மீன் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். ஐஸ் பாரைப் பெரிய கட்டிகளாக மேலே வைத்தால் பத்தாது. நொறுக்கி, ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன் என்று போட்டு, கரைந்த தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள். செலவு கூடும் என்று தெரியும். கிலோவுக்கு இருபது ரூபாய் சேர்த்துச் சொன்னால் நான் தருகிறேன், என்னைப் போல மெஸ் நடத்துகிறவர்களிடமும் பேசுகிறேன்.

இன்னொன்று. காசநோய்க்கு ஐசோநியாசிட் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். உடம்பு ஹிஸ்டமினை உடைக்கும் வேலையை அந்த மாத்திரை தடுக்கிறது. வாடிக்கையாளர் யாராவது அந்த மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னால், இந்த நாலு வகைக்குப் பதில் வேறு மீன் எடுத்துக் கொடுங்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

நான் இப்போது நொறுக்கிய ஐஸோடு தெர்மோகோல் பெட்டி எடுத்துக்கொண்டுதான் மார்க்கெட்டுக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடையில் அதைப் பார்த்தால், மீனை நேராக அதில் போட்டுவிடுங்கள்.