கடைசிப் பத்துப் பள்ளிகள் எழுந்து நிற்க வேண்டுமா? மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். எஸ்.எஸ்.எல்.சி. முடிவுகள் வந்த கையோடு தங்கள் அலுவலகம் வெளியிட்ட பள்ளிகளின் தரவரிசைப் பட்டியல் பற்றி எழுதுகிறேன். அது எப்படித் தயாரானது, யார் கையெழுத்தோடு போனது என்பதெல்லாம் தங்களுக்கே தெரியும். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பட்டியலைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளின் நுழைவு நிலையைக் கணக்கில் எடுத்துத் திருத்திய சராசரியை, அதன் பிழை வரம்போடு, இட எண் எதுவும் போடாமல் வெளியிடுங்கள்.

நான் ஹையர் செகண்டரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையோரத்தில் ஒரு தமிழ் வழிப் பள்ளியின் பி.டி.ஏ.வில் இருக்கிறேன். எங்கள் பள்ளி பட்டியலின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஆய்வுக் கூட்டத்தில் கடைசிப் பத்து இடங்களில் உள்ள ஹெச்.எம்.கள் எழுந்து நிற்க வேண்டும் என்று மேடையிலிருந்து சொன்னார்கள். எங்கள் டீச்சரும் எழுந்து நின்றார். காரணம் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு இத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பித் தர வேண்டுமாம்.

அவமானத்தைக்கூட விட்டுவிடலாம், அது கூட்டத்தோடு போகும். பட்டியல் கூட்டத்தோடு நிற்கவில்லை. மே மாதத்தில் அது ஊர் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் போனது. ஜூன் பிறந்ததும் எட்டாம் வகுப்புக்கு எங்களிடம் வரவேண்டிய பிள்ளைகளில் சிலர் பக்கத்து இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் மஞ்சள் வண்டியில் ஏறிவிட்டார்கள். அதற்குள் ஆறாம் வேலைநாள் கணக்கெடுப்பு வந்துவிட்டது. அன்று பெஞ்சில் எத்தனை தலை இருக்கிறதோ, அதை வைத்துத்தான் வகுப்புக்கு எத்தனை டிவிஷன் என்பதும் ஆசிரியர் பணியிடமும் நிர்ணயம் ஆகின்றன. பிள்ளை குறைந்தால் டிவிஷன் போகும், டிவிஷன் போனால் டீச்சர் போவார், டீச்சர் போனால் அடுத்த ரிசல்ட் இன்னும் இறங்கும். அப்போது தங்கள் பட்டியல் "பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே" என்று கேட்கும்.

அந்தப் பட்டியல் எதை அளந்தது என்று பார்ப்போம். ஒவ்வொரு பள்ளியிலும் பிள்ளைகள் வாங்கிய கிரேடுகளைப் புள்ளியாக்கி, A+ க்கு 9, A க்கு 8 என்று கீழே D+ க்கு 3 வரை இறக்கி, சராசரி எடுத்திருக்கிறீர்கள். கூட்டலில் பிழை இல்லை. ஆனால் பள்ளத்தில் நிற்பவனையும் மேட்டில் நிற்பவனையும் தலை மட்டம் பார்த்து எவன் உயரம் என்று சொன்ன கணக்குத்தான் அது. எட்டாம் வகுப்பில் உள்ளே வரும்போது பிள்ளை எந்த இடத்தில் இருந்தது என்ற கேள்வி எங்குமே எழவில்லை.

இதைத் திருத்துவது பெரிய வித்தை அல்ல. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்களை வசதிக்காக நானே வைத்துக்கொள்கிறேன். நகரத்தில் ஒரு பள்ளி, 240 பிள்ளைகள், எஸ்.எஸ்.எல்.சி. சராசரி 7.1 புள்ளி. எல்லையில் ஒரு தமிழ் வழிப் பள்ளி, 24 பிள்ளைகள், சராசரி 5.9. இடைவெளி 1.2. தரவரிசையில் இவை இரண்டுக்கும் நடுவே எத்தனையோ பள்ளிகள் வந்து உட்காரும்.

இனி இதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பின் முதல் பருவத் தேர்வான ஓணப் பரீட்சையில் வாங்கிய கிரேடைத் தேடி எடுங்கள். பொதுக் கேள்வித்தாள் என்பதால் ஒப்பிட ஓரளவு வசதி. நகரப் பள்ளிப் பிள்ளைகளின் நுழைவுச் சராசரி 6.2, எல்லைப் பள்ளியில் 3.9, மாவட்டம் முழுவதற்கும் 5.0 என்று வைத்துக்கொள்வோம். அடுத்துத் தேவைப்படுவது ஒரே ஓர் எண். நுழைவில் ஒரு புள்ளி கூடுதலாக இருந்த பிள்ளை, எஸ்.எஸ்.எல்.சி.யில் சராசரியாக எவ்வளவு கூடுதலாக வாங்குகிறது? இதற்குச் சரிவு என்று பெயர். அதை 0.6 என்று கொள்வோம். பிறகு,

திருத்திய சராசரி = எஸ்.எஸ்.எல்.சி. சராசரி − 0.6 × (பள்ளியின் நுழைவுச் சராசரி − மாவட்ட நுழைவுச் சராசரி)

நகரப் பள்ளிக்கு 7.1 இலிருந்து 0.72 கழியும், 6.38 வரும். எல்லைப் பள்ளிக்கு 5.9 உடன் 0.66 கூடும், 6.56 வரும். ஒரே மாதிரி நிலையில் உள்ளே வந்த பிள்ளைகளை இரண்டு பள்ளிகளும் எங்கே கொண்டுபோய் விட்டன என்ற கேள்விக்கு இதுதான் கிட்டத்தட்டப் பதில். 1.2 புள்ளி இடைவெளி காணாமல் போய்விட்டது.

இதில் தங்கள் கணினிப் பிரிவு வழுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அந்த 0.6 ஐ ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் பிள்ளைக்குப் பிள்ளை ஒப்பிட்டு, பிறகு எல்லாப் பள்ளிக்கும் பொதுவாக எடுக்க வேண்டும். பள்ளிக்கு ஒரு புள்ளி என்று சராசரிகளை மட்டும் வரைபடத்தில் போட்டு நடுவே கோடு இழுத்தால் சரிவு வேறாக வரும். நல்ல பள்ளிகளைத் தேடி ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் போகிறார்கள் என்பதால், பள்ளியின் உழைப்பும் அந்தக் கோட்டுக்குள் கலந்துவிடும். பிறகு உழைப்பையும் சேர்த்தே கழித்துவிடுவோம். ஒவ்வொரு பிள்ளையின் பதிவும் தங்களிடம் இருக்கும்போது சராசரிகளை வைத்துக் குறுக்கு வழியில் போக அவசியமே இல்லை.

சரி, 6.56 என்பது 6.38 ஐ விடப் பெரியது. அப்படியானால் எல்லைப் பள்ளிதான் உசத்தி என்று நான் மாலை போடப் போகிறேனா? இல்லை. நுழைவு நிலையைக் கழித்த பிறகும் ஒரே பள்ளிக்குள் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் இருக்கும். அந்தச் சிதறல் 1.2 புள்ளி என்று வைத்தால், 24 பிள்ளைகளின் சராசரிக்கு நியமப் பிழை, அதாவது தற்செயலாகவே அந்தச் சராசரி இங்குமங்கும் அசையக்கூடிய அளவு, சுமார் 0.24, 240 பிள்ளைகளின் சராசரிக்கு 0.08. இருபுறமும் இரண்டு மடங்கு விட்டால், எல்லைப் பள்ளி 6.07 க்கும் 7.05 க்கும் நடுவே எங்கேயும் இருக்கலாம். நகரப் பள்ளி 6.22 க்கும் 6.54 க்கும் நடுவே இருக்கலாம். இரண்டின் வித்தியாசமான 0.18 க்குப் பிழை வரம்பு அரைப் புள்ளி. இந்தத் தரவை வைத்து யார் முன், யார் பின் என்று சொல்ல முடியாது என்பதுதான் நேர்மையான பதில். 24 பேரில் ஒரு பிள்ளை பரீட்சை நாளில் காய்ச்சலில் படுத்தால் வெற்றி விழுக்காடு நான்குக்கு மேல் இறங்கிவிடும், 240 பேரில் அரையைக்கூடத் தொடாது. சின்னப் பள்ளிகள் ஒரு வருடம் உச்சியிலும் மறு வருடம் பாதாளத்திலும் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். மூன்று வருட பேட்ச்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த எல்லைப் பள்ளியின் வரம்பு 0.49 இலிருந்து 0.28 ஆகக் குறுகும். அதையாவது செய்யலாம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்து அரசு 1992 இல் பள்ளி முடிவுகளை அட்டவணையாக வெளியிடத் தொடங்கியது. ஹார்வி கோல்ட்ஸ்டீன், டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1996 இல் அந்த நாட்டுப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் இதைத்தான் எழுதினார்கள். திருத்திய பிறகும் பெரும்பாலான பள்ளிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்ல முடியாது, நிச்சயமின்மையைக் காட்டாத தரவரிசையை நம்பக் கூடாது என்றார்கள். நம் மாவட்டம் இன்னும் 1992 இல் இருக்கிறது.

எதையெல்லாம் திருத்தலாம் என்பதிலும் ஒரு வார்த்தை. பிள்ளை வாசலுக்கு வெளியிலிருந்து கொண்டுவருவதை மட்டும் திருத்துங்கள். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் பணியிடம் காலியாகக் கிடந்ததே, அதற்கும் சேர்த்துத் திருத்திவிடாதீர்கள். திருத்தினால் அந்தக் காலியிடம் அட்டவணையில் மறைந்துவிடும், பழியிலிருந்து தங்கள் அலுவலகமும் தப்பிவிடும். காலிப் பணியிடம், தாமதமாக வந்த தமிழ்ப் பாடப்புத்தகம், தமிழ் தெரியாமல் தமிழ் வழி வகுப்பில் நிறுத்தப்பட்ட ஆசிரியர் இதெல்லாம் பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவந்தவை அல்ல. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என்று எந்த எல்லையோரத் தாலுக்காவில் கேட்டாலும் இதையே சொல்வார்கள். எங்களுக்கு வரும் சுற்றறிக்கை மட்டும் மலையாளத்தில் பிழையில்லாமல், நேரம் தவறாமல் வந்துவிடும். தரவரிசைப் பட்டியலும் அப்படித்தான் வந்தது. மேடையில் எழுந்து நிற்க ஒரு நாற்காலி அலுவலகத்துக்கும் போடலாமே என்று எங்கள் பி.டி.ஏ. கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார். கோபத்தில் கேட்டதுதான், மன்னிக்க வேண்டும்.

என் முறைக்கும் குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓணப் பரீட்சைத் தாளை அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே திருத்துகிறார்கள். மதிப்பெண்ணைக் குறைத்துப் போட்டால் பின்னால் முன்னேற்றம் பெரிதாகத் தெரியும் என்ற ஆசை வரக்கூடும். நூறு தாள்களை இன்னொரு பள்ளியில் மறுதிருத்தம் செய்து பார்த்தால் அது தெரிந்துவிடும். அப்புறம், எல்லைக்கு அந்தப் பக்கத்துத் தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைகள். இவர்களுக்கு நுழைவு கிரேடே இருக்காது. சத்தமில்லாமல் இவர்களை விட்டுவிட்டால் எங்களைப் போன்ற பள்ளியின் சராசரியே மாறிவிடும். எத்தனை பேரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைப் பள்ளிப் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள்.

கடைசியாக, வார்த்தைகள். முதலிடம், கடைசி இடம், பின்தங்கிய பள்ளி என்ற சொற்கள் வேண்டாம். பள்ளிகளைத் துணை மாவட்ட வாரியாக, பெயரின் அகர வரிசையில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று வாக்கியங்களில் ஒன்று போதும்: "மாவட்டச் சராசரியைவிட மேலே இருப்பதற்குச் சான்று உள்ளது", "கீழே இருப்பதற்குச் சான்று உள்ளது", "மாவட்டச் சராசரியிலிருந்து வேறுபடுத்திச் சொல்ல இந்தத் தரவு போதாது". பெரும்பாலான பள்ளிகளுக்கு மூன்றாவது வாக்கியம்தான் வரும். செய்தித்தாளுக்கு அது ருசிக்காது, பரவாயில்லை. இரண்டாவது வாக்கியம் வருகிற பள்ளிக்குத் தாள் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், யாரையாவது நேரில் அனுப்பி என்ன குறை என்று கேளுங்கள்.

எனவே தாழ்மையாக மறுபடியும் கேட்கிறேன். அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்று, அதை வைத்துப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தமிழிலும் ஒரு பிரதி அனுப்பினால் நல்லது. திருத்திய சராசரிக்கான அட்டவணைக் கோப்பைத் தயாரித்துத் தர நானும் இன்னும் இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தயார், சம்பளம் வேண்டாம். பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு எண்களை மட்டும் கொடுத்தால் போதும். அடுத்த ஜூன் கணக்கெடுப்புக்கு முன்னால் முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
எல்லையோரத் தமிழ் வழிப் பள்ளி ஒன்றின் பி.டி.ஏ. உறுப்பினர்