குடோனுக்கும் பவுண்டரிக்கும் ஒரே அளவுகோலா? இயக்குநர் குழுவுக்கு ஒரு பழைய ஊழியரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கு,

வணக்கம். நம் திருவொற்றியூர் ஆபீசில் 22 ஆண்டுகள் காஸ்ட் அக்கவுண்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊழியர்களுக்கு ஒதுக்கியபோது வாங்கிய கொஞ்சம் பங்குகளை இன்னும் விற்கவில்லை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். என்னைப் போன்ற மற்ற சிறு பங்குதாரர்களும் படிக்கட்டும் என்பதால் இதைத் திறந்த மடலாகவே வைக்கிறேன்.

ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்போடு இரண்டு திட்டங்களின் குறிப்பு வந்தது. வார்ப்படம் செய்யும் நம் பவுண்டரியில் புது மோல்டிங் லைன், 10 கோடி ரூபாய்: ஒப்புதல். மணலியில் இன்னொரு குடோன், அதுவும் 10 கோடி: நிராகரிப்பு. காரணத்தை இரண்டே வரியில் முடித்திருக்கிறீர்கள். கம்பெனியின் சராசரி மூலதனச் செலவு, அதாவது கடன் கொடுத்தவர்களும் பங்குதாரர்களும் தாங்கள் போட்ட பணத்துக்கு ஆண்டுக்குச் சராசரியாக எதிர்பார்ப்பது, 12.2 விழுக்காடு. பவுண்டரி 13.5 தருகிறது, குடோன் 11தான் தருகிறது.

12.2 என்ற எண்ணை உட்கார்ந்து சரிபார்த்தேன். நமக்குள் இருக்கும் 100 ரூபாயில் 40 கடன், 60 பங்குதாரர் பணம். கடனுக்குச் சராசரி வட்டி 9.75. வட்டியை வருமானத்தில் கழித்துவிட்டுத்தான் வரி கட்டுகிறோம் என்பதால், 25.17 விழுக்காடு வரியில் மிச்சமாவதைக் கழித்தால் நிஜச் செலவு 7.3. பங்குதாரர் எதிர்பார்ப்பது 15.5. இரண்டையும் 40க்கு 60 என்று நிறையிட்டுக் கூட்டினால் 12.2 வருகிறது. கடன், பங்கு இரண்டுக்கும் பேலன்ஸ் ஷீட்டில் கிடக்கும் பழைய தொகையை எடுக்காமல் இன்றைய மதிப்பை எடுத்திருக்கிறார்கள். என் காலத்தில் அதைக்கூடச் செய்யவில்லை. நிதிப் பிரிவுத் தம்பிகளுக்கு என் பாராட்டு.

ஆனால் அந்த 12.2 யாருடைய விகிதம்? பாதி குடோன், பாதி பவுண்டரி என்று சேர்ந்து நிற்கும் இந்த முழுக் கம்பெனியின் விகிதம். குடோனுக்கு மட்டும் பணம் போட ஒருவரைக் கூப்பிட்டால் அவர் 12.2 கேட்கமாட்டார், அதைவிடக் குறைவாகவே கேட்பார். பவுண்டரிக்கு மட்டும் கூப்பிட்டால் 12.2க்கு வரவேமாட்டார்.

போன வருடம் கூட்டத்தில் நான் இதைக் கிளப்பியபோது மேடையிலிருந்து வந்த பதில் நினைவிருக்கிறது. "பேங்க் நமக்கு 9 விழுக்காட்டில் கடன் தருகிறது. அந்தப் பணத்தை பவுண்டரியில் போட்டு 13.5 எடுத்தால் லாபம்தானே?" கை தட்டினார்கள். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். அக்காவின் நகையை ராயபுரத்தில் அடகு வைத்து, அந்தப் பணத்தில் தம்பி ஒரு பழைய லாரி வாங்குகிறான். அடகுக்கடைக்காரர் வட்டி குறைவாகக் கேட்கிறார். அவர் லாரியைப் பார்க்கவே இல்லை, நகையைத்தான் பார்த்தார். லாரி ஓடாவிட்டாலும் நகை அவரிடம் இருக்கிறது. அந்த வட்டியை லாரித் தொழிலின் செலவு என்று தம்பி எழுதிக்கொண்டால், லாரியின் ஆபத்து முழுவதும் அக்கா தலையில் ஏறியிருப்பது கணக்கிலேயே வராது.

நம் 9 விழுக்காட்டுக் கடனும் அப்படித்தான். அது குடோன் வாடகையை ஈடாக வைத்து வாங்கியது. வாடகை நேராக பேங்க் கணக்கில் விழுகிறது, தவணை போக மீதிதான் நமக்கு. அதே பேங்க் பவுண்டரிக்குத் தனியாகக் கொடுத்த கடனுக்கு 11 வாங்குகிறது. அதுவும் மதிப்பில் 30 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கவில்லை, குடோனுக்கோ பாதிவரை கொடுத்தது. ஒரே பேங்க், ஒரே கம்பெனி, இரண்டு விலை. கடன் கொடுப்பவர் பார்க்கிற வித்தியாசத்தைப் பங்குதாரர் பார்க்கக்கூடாதா?

சரி, பங்குதாரர் பக்கத்தை எப்படி அளப்பது? நாம் பங்குச்சந்தையில் இல்லை. அதனால் குடோன் மட்டுமே நடத்தும் கம்பெனிகள், வார்ப்படம் மட்டுமே செய்யும் கம்பெனிகள் என்று சந்தையில் இருப்பவற்றைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றின் பீட்டாவையும் பார்க்கவேண்டும். சந்தை ஏறி இறங்கும்போது அந்தப் பங்கு எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் பீட்டா. கடன் அதிகமிருந்தால் ஆட்டமும் அதிகமாகத் தெரியும். ஆகவே முதலில் அவர்களுடைய கடனின் பங்கை நீக்கி, தொழிலின் ஆட்டத்தை மட்டும் எடுக்கவேண்டும். அப்புறம் நம் கடன் அளவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் போட்ட கணக்கில் கடன் நீக்கிய பீட்டா குடோனுக்கு 0.5, பவுண்டரிக்கு 1.1. குடோனுக்குப் பாதிக்குப் பாதி கடன் சேர்த்தால் 0.87 ஆகிறது. பவுண்டரிக்கு 30 விழுக்காடு கடன் சேர்த்தால் 1.45. அரசுப் பத்திரத்துக்கு 7, பங்குச்சந்தை ஆபத்துக்குக் கூடுதலாக 7 என்று வைத்து, அந்தக் கூடுதலை மட்டும் பீட்டாவால் பெருக்கிச் சேர்த்தால், பங்குதாரர் எதிர்பார்ப்பு குடோனில் 13.1, பவுண்டரியில் 17.2. வரி போன கடன் செலவோடு நிறையிட்டால் குடோனின் மூலதனச் செலவு 9.9, பவுண்டரியினுடையது 14.5. இந்த இரண்டையும் பாதிப் பாதியாகச் சேருங்கள், உங்கள் 12.2 அப்படியே வரும். அதனால்தான் உங்கள் எண்ணோடு எனக்குச் சண்டை இல்லை.

இப்போது திட்டங்களுக்கு வருவோம். மோல்டிங் லைன் வரி போக ஆண்டுக்கு 1.88 கோடி, 10 ஆண்டுக்குத் தரும் என்கிறது குறிப்பு. வருங்கால வரவை 12.2 விகிதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் போட்ட 10 கோடிக்கு மேல் 54 லட்சம் மிஞ்சுகிறது. 14.5இல் செய்தால் 38 லட்சம் குறைகிறது. குடோன் ஆண்டுக்கு 1.39 கோடி, 15 ஆண்டுக்கு. நிலம் குத்தகை என்பதால் கடைசியில் ஒன்றும் திரும்பாது. 12.2இல் பார்த்தால் 63 லட்சம் நட்டம், 9.9இல் பார்த்தால் அதே 63 லட்சம் லாபம். ஆக, நட்டத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்து, லாபத் திட்டத்தைத் தள்ளிவிட்டோம். ஒரே கூட்டத்தில் சுமார் ஒரு கோடி.

பவுண்டரி ஏன் அவ்வளவு ஆடுகிறது என்று எண்ணூர்ச் சாலையில் டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டாலே சொல்லுவார். நம் வார்ப்படங்கள் போவது கனரக லாரிகளுக்கு. ஊரில் வியாபாரம் மந்தமானால் லாரி முதலாளி முதலில் தள்ளிப்போடுவது புது லாரியைத்தான், இருப்பதை இன்னும் இரண்டு வருடம் ஓட்டுவார். 2019-20இல் நாட்டில் நடுத்தர, கனரக சரக்கு வாகன விற்பனை முந்தைய ஆண்டைவிட 40 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. 2019 செப்டம்பரில் எண்ணூர் லாரி ஆலைக்கு 16 நாள் உற்பத்தி கிடையாது என்று அறிவித்தார்கள். அந்த மாதம் நம் உலை எத்தனை நாள் எரிந்தது என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். மணலி குடோன் வாடகை அந்த வருடம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மணலி முழுக்கத் தண்ணீர் நின்றதை வைத்து, குடோனுக்கு விகிதத்தில் 3 புள்ளி கூட்டவேண்டும் என்று ஒரு இயக்குநர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வெள்ளம் நிஜமான செலவு, மறுக்கவில்லை. ஆனால் அதன் இடம் விகிதம் அல்ல, பண வரவுக் கணக்கு. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும், வந்தால் தரையை உயர்த்தவும் சரக்கு இழப்பீட்டுக்கும் காப்பீட்டுக்கும் எவ்வளவு ஆகும் என்று போட்டு 1.39 கோடியிலிருந்து கழியுங்கள். மணலியில் வெள்ளம் வந்தால் நாட்டின் பங்குச்சந்தை சரியாது. பல இடங்களில் பணம் போட்டிருப்பவருக்கு அது மற்ற முதலீடுகளில் கரைந்துவிடும். விகிதத்தில் ஏறவேண்டியது, எல்லாம் ஒன்றாகச் சரியும்போது இதுவும் சேர்ந்து சரியுமா என்பது மட்டும்தான். பவுண்டரிக்கும் இதே விதிதான். 2018 ஜூலையில் லாரிகளின் எடை வரம்பை மத்திய அரசு உயர்த்தியதும், இருக்கிற லாரிகளே கூடுதல் சரக்கை ஏற்றின, புது லாரியின் தேவை குறைந்தது. அது அந்தத் தொழிலுக்கு மட்டும் விழுந்த அடி, வரவில் கழிக்கவேண்டியது. கூடவே வந்த பொது மந்தம்தான் பீட்டாவில் தெரியும்.

என் 14.5ஐக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளவேண்டாம். எந்தக் கம்பெனிகளை ஒப்பிட எடுக்கிறோம், எத்தனை வருடத் தரவு என்பதைப் பொறுத்து அது 13.5 வரை இறங்கலாம், 15.5 வரை ஏறலாம். 13.5க்கு இறங்கினால் மோல்டிங் லைன் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. குடோன் பக்கம் இவ்வளவு சந்தேகம் இல்லை: 9.9 ஒரு புள்ளி ஏறினாலும் திட்டம் மயிரிழையில் தாங்குகிறது. பீட்டாவின் தசமப் புள்ளிகளில் சண்டை போடுவதைவிட, 10 ஆண்டில் ஒரு 2019-20 வந்தே தீரும் என்று 1.88 கோடியை மறுபடி போட்டுப் பார்ப்பது நல்லது. குறிப்பில் பத்து வருடமும் ஒரே தொகை இருப்பதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

ஒரே விகிதம் கம்பெனியை எங்கே கொண்டுபோகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பவுண்டரி பாஸ், குடோன் ஃபெயில் என்றால் சில வருடத்தில் கம்பெனியில் 70 விழுக்காடு பவுண்டரி ஆகிவிடும். அப்போது சராசரி 13.1. அந்த உயரத்தைத் தாண்ட ஒரு குடோனாலும் முடியாது. மூலதனச் செலவு ஏன் ஏறியது என்று அப்போது பேங்கைத் திட்டுவோம். நடந்தது நம் கையாலேயே. மூன்று நிதிப் பேராசிரியர்கள் 2015இல் இதையே ஆய்வு செய்து வெளியிட்டார்கள். பல தொழில் நடத்தும் கம்பெனிகள் தம் முக்கியத் தொழிலைவிட ஆபத்து அதிகமான பிரிவுகளில் அளவுக்கு மீறி முதலீடு செய்கின்றன என்று கண்டார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பத்து விகிதம் வேண்டாம், இரண்டு போதும். குடோனுக்கு ஒன்று, பவுண்டரிக்கு ஒன்று, வருடத்துக்கு ஒருமுறை திருத்தினால் போதும். மோல்டிங் லைனுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மந்த வருடத்தைச் சேர்த்த பண வரவுத் தாளைப் பங்குதாரர்களுக்கு அனுப்புங்கள். மணலி குத்தகைக்கான பதிலை இந்த மாதக் கடைசிக்குள் கொடுக்கவேண்டும் என்று அறிவிப்பில் இருக்கிறது. அதற்குள் குடோன் கோப்பை 9.9 வைத்து ஒருமுறை மறுபடி திறக்கச் சொல்லுங்கள். என் கணக்குத் தாளைக் கம்பெனிச் செயலரிடம் கொடுத்திருக்கிறேன். தப்பிருந்தால் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லலாம், முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய காஸ்ட் அக்கவுண்டன்ட்
தண்டையார்பேட்டை