நான் பிறந்தது ஜூலை 12ஆம் திகதி, 13 அல்ல: மூத்த பிரஜைகள் சலுகை அட்டை விண்ணப்பம் தொடர்பாக

திருக்கோவில்,
அம்பாறை மாவட்டம்.
21.10.2025

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா / அம்மணி,

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டேன். அக்கரைப்பற்றில் பஸ் மாறி உங்கள் மட்டக்களப்பு மருந்துக் கிளைக்குப் போய்ச் சேர ஒன்பது மணி. போக எழுபது கிலோமீற்றருக்கு மேல், வர அதே எழுபது. இது மூன்றாவது தடவை. எனக்கு வயது 67, இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கின்றன. பதினொன்றரை மணிக்கு என் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். மேசையில் இருந்த தம்பி கைபேசியை வைக்காமலே என் கடதாசிகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "ஆன்டி, உங்கட பிறந்தநாள் உங்களுக்கே சரியாத் தெரியாட்டி நாங்க என்ன செய்ற?"

பின்னால் நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒருத்தி என்னிடம் படித்த பிள்ளை.

நான் 31 வருடம் கணக்குப் படிப்பித்தவள். என் பிறந்தநாள் எனக்குத் தெரியும். உங்கள் இணையப் படிவத்துக்குத்தான் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதம் உங்கள் விளம்பரத்தைப் பார்த்துத்தான் விண்ணப்பித்தேன். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மாதாந்த மருந்தில் நூற்றுக்குப் பத்து கழிவு, இணையத்தில் விண்ணப்பித்தால் போதும், வயதுச் சான்றும் ஆறு மாதத்துக்குள் எடுத்த போட்டோவும் இருந்தால் சரி என்று போட்டிருந்தீர்கள். இரண்டாம் பக்கத்தில் அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் போட்டுப் பச்சைப் பொத்தானை அமர்த்தினால் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வருமே, "பிறந்த திகதி அடையாள அட்டை இலக்கத்துடன் பொருந்தவில்லை" என்று? அந்த வரியை நான் குறைந்தது நாற்பது தடவை பார்த்திருப்பேன். வீட்டில் பார்த்தேன், கொமியூனிகேஷன் கடையில் பார்த்தேன், மருமகனின் மடிக்கணினியிலும் பார்த்தேன்.

என் பழைய அடையாள அட்டை இலக்கம் 58694 என்று தொடங்குகிறது. 58 என்பது பிறந்த ஆண்டு 1958. அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 694இல் 500 போனால் 194. புதிய பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இதே 694 தான், முன்னால் 1958 என்று முழு ஆண்டும் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆக நான் 194ஆவது நாள் பிறந்தவள்.

இப்போது உங்கள் மேசையில் இந்த வருட டயரி இருந்தால் ஜூலை 12ஐத் திறந்து பாருங்கள். பக்கத்தின் மூலையில் 193 என்று அச்சடித்திருக்கும். 194 என்பது ஜூலை 13. உங்கள் படிவம் இப்படித்தான் எண்ணுகிறது, எண்ணிவிட்டு நான் 13ஆம் திகதி பிறந்தவள் என்று முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் போன வருட டயரியைத் திறந்தால் அதே ஜூலை 12இல் 194 இருக்கும். 2024 நெட்டாண்டு, பெப்ரவரிக்கு 29 நாள். ஆட்பதிவுத் திணைக்களம் அடையாள அட்டை இலக்கத்துக்கு எந்த ஆண்டாக இருந்தாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்தே எண்ணுகிறது. 1958 நெட்டாண்டு இல்லை, ஆனாலும் என் இலக்கத்தில் 194 தான் வரும். அட்டையும் சரி, நானும் சரி. இரண்டு டயரிப் பக்கங்களின் போட்டோக் கொப்பியும் இத்துடன் இருக்கிறது.

இதை நான் வெறுமனே ஊகித்து எழுதவில்லை. என் கணவர் 1956 ஒக்டோபரில் பிறந்தவர். 1956 நெட்டாண்டு. அவருடைய விண்ணப்பத்தை நானே அதே கைபேசியில் போட்டேன், ஐந்து நாளில் அட்டை வந்தது. அக்கரைப்பற்றில் இருக்கும் என் சிநேகிதி 1957 ஜனவரியில் பிறந்தவர். ஜனவரி, பெப்ரவரியில் பிறந்தவர்களுக்கு இந்த ஒரு நாள் வித்தியாசம் வராது, அவருக்கும் பிரச்சினை வரவில்லை. என்னோடு படிப்பித்த இன்னொரு ரீச்சர் 1959 ஓகஸ்ட். அவருக்கு என்னைப் போலவே சிவப்பு வரி. நெட்டாண்டு அல்லாத ஆண்டில் மார்ச் முதலாம் திகதியிலோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லாருமே உங்கள் இரண்டாம் பக்கத்தில் தடக்குப்பட வேண்டும். அப்படியென்றால் எத்தனை கிழவன் கிழவி திரும்பிப் போயிருப்பார்கள் என்று நீங்களே பாருங்கள். பாவம், பலபேர் தங்களிடம்தான் பிழை என்று நினைத்து விட்டிருப்பார்கள்.

போட்டோ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் ஒரு பயணம் போனது. மருமகன் கைபேசியில் எடுத்த போட்டோவை மூன்று தடவை ஏற்றினோம். மூன்று தடவையும் "முகம் நேராக இல்லை" என்று திருப்பி அனுப்பினீர்கள். எங்கள் திரையில் நான் நிமிர்ந்துதான் இருந்தேன். உங்கள் கிளையில் காட்டியபோதுதான் தெரிந்தது, அவர்களுடைய திரையில் நான் படுத்துக் கிடக்கிறேன். ஊர் ஸ்டூடியோத் தம்பி ஒரு நிமிடத்தில் காரணம் சொன்னார். கைபேசி படத்தைக் கிடையாகவே சேமித்து, "நிமிர்த்திக் காட்டு" என்று உள்ளே ஒரு குறிப்பு வைத்துவிடுமாம். மற்றத் திரைகள் அந்தக் குறிப்பைப் படிக்கும், உங்கள் பக்கம் படிக்காது. அவர் படத்தைத் திறந்து உண்மையாகவே நிமிர்த்திப் புதிதாகச் சேமித்துத் தந்தார், உடனே ஏறியது. இதை உங்கள் உதவி இலக்கத்தில் நாலு பேரிடம் கேட்டேன். நாலு பேரும் "புதுப் போட்டோ எடுங்க" என்றார்கள். புதுப் போட்டோ எடுத்தாலும் அதே கைபேசிதானே?

சரி, திகதிக்கு வருகிறேன். ஏனென்றால் மிகவும் மோசமானது அதற்குப் பிறகுதான் நடந்தது. ஓகஸ்டில் உங்கள் உதவி இலக்கத்தில் ஒரு பெண்பிள்ளை, நல்ல மரியாதையாகத்தான், "அம்மா, 13 எண்டு போடுங்க, அப்ப எடுக்கும்" என்றார். கடைசிப் பக்கத்தில் "மேலுள்ள விபரங்கள் உண்மையானவை" என்ற கட்டத்தில் அடையாளம் போடச் சொல்லிவிட்டு, பொய்த் திகதி போடவும் சொல்கிறீர்கள். நான் மாட்டேன் என்றேன். இரண்டு கிழமை கழித்து, மருந்துக் காசு கையைக் கடித்தபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 13 என்று போட்டேன். படிவம் உடனே எடுத்தது. மூன்றாம் நாள் குறுஞ்செய்தி வந்தது: வயதுச் சான்றில் 12 என்று இருப்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, இதே அடையாள அட்டை இலக்கத்தில் மீண்டும் விண்ணப்பிக்க முப்பது நாள் பொறுக்க வேண்டும்.

ஆக 12 போட்டால் இயந்திரம் விடாது, 13 போட்டால் உங்கள் அலுவலர் விடார். இந்த இரண்டு கதவுக்கும் நடுவில் நான் நிற்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைத் தம்பி இன்னொன்றும் கேட்டார். பிறப்புச் சான்றிதழைப் பார்த்து, "இது புதுசாக் கிடக்கு, ஒறிஜினல் எங்க?" என்றார். தம்பி, ஒறிஜினல் 2004 மார்கழியில் வீட்டோடு கடலுக்குள் போய்விட்டது. இது அதற்குப் பிறகு பதிவாளரிடம் எடுத்த அத்தாட்சிப் பிரதி, முத்திரையும் கையொப்பமும் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு இதைக் கொடுத்தேன், புதிய அடையாள அட்டைக்குக் கொடுத்தேன். அரசாங்கம் எடுத்த சான்றை மருந்துக்கடை எடுக்காதா? கரையோரத்தில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனம் தன் ஊழியருக்கு இதையாவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

எனக்கு மாத மருந்து சுமார் 11,000 ரூபாய். பத்து வீதம் 1,100. நாலு மாதத்தில் 4,400 ரூபாய் நான் கூடக் கட்டியிருக்கிறேன். அதோடு மூன்று பயணம், ஓட்டோ, போட்டோக் கொப்பி, சாப்பாடு, தொலைபேசிக் காசு, நாலு மாதமாக இல்லாத நித்திரை. முழங்கால் நோவு இந்த அலைச்சலில்தான் கூடியது என்று எழுதித் தர என் டொக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை, ஆனால் எனக்குத் தெரியும். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் குறையாத நட்டம் என்பது என் கணக்கு. என் கணவர் இந்த வரியை அடிக்கச் சொன்னார். அடிக்கவில்லை.

சரிபார்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்டையில் ஒரு திகதியும் சான்றிதழில் இன்னொரு திகதியுமாக இருக்கிற ஆட்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒழுங்காக எண்ணிப் பாருங்கள். உங்கள் கணினிப் பிள்ளைகளிடம் இதைக் கொடுங்கள்: ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்க எண் 500க்கு மேல் என்றால் 500ஐக் கழிக்க வேண்டும். பிறந்த ஆண்டு நெட்டாண்டு இல்லாமல், மிஞ்சிய எண் 60க்கு மேல் இருந்தால், இன்னும் ஒன்றைக் கழிக்க வேண்டும். பிறகு சாதாரணக் கலண்டரில் பார்க்கலாம். எனக்கு 694, 194, 193, ஜூலை 12. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் செய்யும்.

ஆகவே தயவுசெய்து இனியும் என்மேல் முப்பது நாள் தடை போடாதீர்கள். இணைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் போட்டோவையும் வைத்து அட்டையைத் தபாலில் அனுப்புங்கள், நான்காவது தடவை மட்டக்களப்புக்கு வர என்னால் முடியாது. கூடக் கட்டிய 4,400 ரூபாயைத் திருப்பித் தருவது உங்கள் மனச்சாட்சிக்கு. அந்தத் தம்பியை வேலையால் நிற்பாட்டச் சொல்லிக் கேட்கவில்லை, அவருக்கும் வீட்டில் ஒரு அம்மா இருப்பார். என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அழைத்து முறையிடுவேன். இந்தக் கடிதத்தின் பிரதியையும் இரண்டு டயரிப் பக்கத்தையும் பத்திரிகைக்கும் அனுப்புவேன். என் பழைய மாணவர்களில் சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள் என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
திருக்கோவில்.

பி.கு.: ஸ்டூடியோத் தம்பி நிமிர்த்தித் தந்த போட்டோ ஜூலை 18ஆம் திகதி எடுத்தது. ஆறு மாத விதிப்படி அது ஜனவரி 18 வரைக்கும்தான் செல்லும். அதற்கு முன் அட்டையை அனுப்பிவிடுங்கள்.